வெள்ளி 5 மணிக்குப் பிறகு வரும் டைம்ஷீட்: மெயிலில் என்ன எழுதுவது?

புதுப்பொறுப்பு: ஊழியர்களுக்கு அனுப்ப ஒரு நினைவூட்டல் மெயில் எழுதியிருக்கிறேன். "இந்த வார டைம்ஷீட்டை வெள்ளி மாலை 5 மணிக்குள் சமர்ப்பிக்கவும். தாமதமாக வரும் பதிவுகள் அடுத்த வாரக் கணக்கில் சேர்க்கப்படும்." இது போதுமா? கடுமையாக இருக்கிறதா?

கறார்மேலாளர்: கடுமையா? எனக்குப் போதவே இல்லை. இரண்டு முறை தாமதமானால் அந்த மணிநேரத்துக்குச் சம்பளம் கிடையாது என்று எழுதுங்கள். என் குழுவில் பதினோரு பேர். ஒவ்வொரு வெள்ளியும் நான்கு பேரைத் துரத்திக்கொண்டே என் மாலை போய்விடுகிறது.

பேரோல்மேசை: துரத்துகிற அலுப்பு எனக்கும் தெரியும். ஆனால் அந்த வரியை மட்டும் எழுதிவிடாதீர்கள். செய்த வேலைக்குச் சம்பளம் தந்தே ஆக வேண்டும் என்றுதான் பல நாடுகளின் சட்டம் சொல்கிறது. தாமதத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் தரலாம், ஆண்டு மதிப்பீட்டில் குறிக்கலாம். கூலியைப் பிடிக்கக் கூடாது.

எனக்கு அதைவிடக் கவலை புதுப்பொறுப்பு எழுதிய "அடுத்த வாரக் கணக்கில்" என்ற இடம்தான். பணம் அடுத்த சம்பளத்தோடு வரும் என்பது ஒரு பொருள். மணிநேரத்தை அடுத்த வாரத் தேதியில் போட வேண்டும் என்பது இன்னொரு பொருள். படிப்பவர்களில் பாதிப் பேர் இரண்டாவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாம்ஷிஃப்ட்: நான் வெள்ளி மதியமே போட்டுவிடுகிறேன். ஆனாலும் வரவில்லை என்று மெயில் வருகிறது. போன மாதம் இரண்டு முறை. நான் போட்டது எங்கே போகிறது?

பேரோல்மேசை: உங்கள் திரையில் அந்த வாரத்துக்கு நேராக "வரைவு" என்று இருக்கிறதா பாருங்கள். "சேமி" அழுத்தினால் அது உங்களிடமேதான் இருக்கும். "சமர்ப்பி" அழுத்தினால்தான் மேலாளருக்குப் போகும். எங்களுக்கு வரும் புகாரில் நிறைய இதுதான். புதுப்பொறுப்பு, மெயிலில் இதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

கறார்மேலாளர்: சரி, கூலியைப் பிடிக்க வேண்டாம். ஆனால் தேதியை மாற்றிப் போட்டால் என்ன கெட்டுப்போகும்? மொத்த மணிநேரம் ஒன்றுதானே. மூடிய வாரத்தைத் திறந்தால் எல்லா அறிக்கையும் குழம்பும்.

பேரோல்மேசை: ஒரு கணக்குப் பார்ப்போம். வாரம் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு ஓவர்டைம் என்று வையுங்கள். ஒருவர் திங்கள் முதல் வெள்ளி வரை 40 மணி போட்டு அனுப்பிவிட்டார். சனிக்கிழமை அவசரமாகக் கூப்பிட்டதில் 6 மணி வேலை செய்தார், அதைப் பதிய மறந்துவிட்டார். அந்த 6 மணிக்கு அவருக்கு 9 மணிநேரக் கூலி வர வேண்டும்.

அடுத்த வாரம் அவர் கொஞ்சம் விடுப்பு எடுத்ததால் 34 மணிதான். அந்த 6 மணியை அதில் போட்டால் சரியாக 40. ஓவர்டைமே இல்லை. 3 மணிநேரக் கூலி போய்விட்டது, யார் கண்ணிலும் படாமல். வாரங்கள் தலைகீழாக அமைந்தால் கம்பெனி தேவையில்லாமல் ஓவர்டைம் கொடுக்கும். அதுவும் தப்புதான்.

மூடிய வாரத்தைத் திறக்கவும் வேண்டாம். ஒரு திருத்தப் பதிவு போட்டு, வேலை செய்த தேதியைச் சனிக்கிழமை என்றே வையுங்கள். அந்த வாரத்தை 46 மணியாகக் கணக்கிட்டு, வித்தியாசத்தை மட்டும் அடுத்த சம்பளத்தில் தனி வரியாகக் காட்டுங்கள். பழைய அறிக்கை அப்படியே இருக்கும்.

கறார்மேலாளர்: கூலிக்கு ஒத்துக்கொள்கிறேன். வாடிக்கையாளருக்குப் பில் போன பிறகு வரும் மணிநேரத்துக்கு என்ன செய்வது? போன மாத வேலை இந்த மாதப் பில்லில் ஏன் வந்தது என்று கேட்பார்கள். சில சமயம் தரவே மாட்டேன் என்பார்கள். அந்த நஷ்டம் என் திட்டத்தின் தலையில்தான் விழுகிறது.

பேரோல்மேசை: அது உண்மையான நஷ்டம், மறுக்கவில்லை. தேதியோடு தனி வரியாகப் போனால் பேசவாவது முடியும். ஊழியருக்கும் அந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். வெறும் "கட்டாயம்" என்ற சொல்லைவிட அது வேலை செய்யும்.

மூன்றாம்ஷிஃப்ட்: "வரைவு" என்றுதான் இருந்தது. இப்போது அனுப்பிவிட்டேன். ஆனால் ஒன்று, வெள்ளி இரவு ஷிஃப்ட் எனக்கு 10 மணிக்குத்தான் தொடங்குகிறது. 5 மணிக்குள் எதைப் பதிவது?

புதுப்பொறுப்பு: இதை நான் யோசிக்கவே இல்லை. மாற்றி எழுதியது:

"வெள்ளி மாலை 5 மணிக்குள் 'சமர்ப்பி' அழுத்தவும். 'சேமி' மட்டும் போதாது. அதற்குப் பிறகு வருவதையும் வேலை செய்த தேதியிலேயே பதியவும், வேறு வாரத்தில் போட வேண்டாம். அதற்கான பணம் அடுத்த சம்பளத்தில் தனி வரியாக வரும். வெள்ளி இரவிலும் வார இறுதியிலும் வேலை செய்பவர்கள் திங்கள் காலை 10 மணிக்குள் பதியலாம்."

கறார்மேலாளர்: திங்கள் 10 மணிக்கு வந்தால் நான் எப்போது ஒப்புதல் தருவது? பேரோல் மதியம் 12 மணிக்கு மூடுகிறது. நான் கூட்டத்தில் இருந்து தாமதமானால் அது யார் கணக்கில் தாமதம்?

பேரோல்மேசை: ஊழியர் நேரத்தில் அனுப்பியிருந்தால் அவர் கணக்கில் வைக்கக் கூடாது, அது மட்டும் உறுதி. மேலாளர் இல்லாதபோது யார் ஒப்புதல் தருவது என்பதற்கு எங்களிடமும் இன்னும் சரியான ஏற்பாடு இல்லை. வேறு யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.