கவிதைக்கு முன் சொல்லும் நாலு வரி: உங்களுக்கு என்ன நடந்தது?

வெண்ணிலா
போன வாரம் மகளுக்குப் பள்ளியில் கவிதை ஒப்புவித்தல் போட்டி. எடுத்தது ‘அற்றைத் திங்கள்’, புறநானூறு 112. ஐந்தே வரி. முன்னுரையை எழுதிக் கொடுத்தது நான்தான், அதனால்தான் மனசு கேட்கவில்லை. அவள் சொன்னது இது:

“முல்லைக்குத் தேர் தந்த வள்ளல் பாரி. பறம்பு மலையை ஆண்டவன். மூவேந்தர்களும் முற்றுகையிட்டு, அவனைக் கொன்று, மலையைக் கைப்பற்றினார்கள். தந்தையையும் மலையையும் இழந்த பாரியின் மகள்கள், போன மாத நிலவையும் இந்த மாத நிலவையும் ஒப்பிட்டு உருக்கமாகப் பாடிய பாடல் இது.”

திக்காமல் சொன்னாள். பாட்டும் தெளிவாக வந்தது. கடைசியில் ‘யாம் எந்தையும் இலமே’ என்று குரலை இறக்கி நிறுத்தினாள். வீட்டில் பயிற்சி செய்யும்போது அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும். அங்கே ஒரு சலனமும் இல்லை. முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் பாட்டு முடிந்ததே தெரியாமல் அடுத்த வரிக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம்தான் கண்ணிலேயே நிற்கிறது. ஏன் எடுபடவில்லை?

தாளம்
எனக்கு நடந்தது வேறு மாதிரி. ஏழாம் வகுப்பில் பாரதியாரின் ‘நல்லதோர் வீணை செய்தே’. முன்னுரையையும் கவிதை மாதிரியே ஏற்ற இறக்கத்தோடு, கையை உயர்த்திச் சொல்லி முடித்தேன். கூட்டம் கைதட்டிவிட்டது. அதுதான் கவிதை என்று நினைத்துவிட்டார்கள். தட்டல் அடங்குவதற்குள் ‘நல்லதோர்’ என்று ஆரம்பித்தேன், யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்குவதா, விட்ட இடத்திலிருந்து போவதா என்று தெரியாமல் நின்ற அந்த இரண்டு நொடி இன்னும் உடம்பில் இருக்கிறது. முன்னுரையைப் பேச்சுக் குரலில் சொல்லி, கையைத் தொங்கவிட்டு, முழுசாக ஒரு மூச்சு எடுத்த பிறகு கவிதைக்குள் போயிருக்க வேண்டும் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

முன்வரிசை
வெண்ணிலா அக்கா, உங்கள் முன்னுரையில் விவரம் போதவில்லை. மகள்களின் பெயரே இல்லையே! அங்கவை, சங்கவை என்று சொல்லியிருந்தால் நடுவர்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். கபிலர் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்ததையும் சேர்த்திருக்கலாம். என் பையனுக்குப் பாரதி கவிதை வந்தபோது 1882-இல் பிறந்தார், 1921-இல் மறைந்தார், எட்டயபுரம், எல்லாமே சொல்ல வைத்தேன். முன்னுரைக்கு நேரம் கணக்கில்லை, கவிதையின் முதல் வரியிலிருந்துதான் கடிகாரம் ஓடும். ஒரு நிமிடம் தாராளமாகப் பேசலாம். குழந்தை தயங்காமல் பேசப் பழக, தினமும் கண்ணாடி முன் நிறுத்துங்கள். காலையில் செய்தித்தாளைச் சத்தமாக வாசிக்க வையுங்கள். வாரம் ஒரு கவிஞரின் வாழ்க்கைக் குறிப்பை எழுத வையுங்கள், ஒரு வருடத்தில் ஐம்பது பேர் கைவசம் இருப்பார்கள். எந்தத் தலைப்பு வந்தாலும் அதிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

இரட்டைப்பின்னல்
நான் போட்டியில் தொகுத்து வழங்கியவள், அறிமுகம் என்றதும் அதுதான் ஞாபகம் வந்தது. ஒவ்வொருவரையும் கூப்பிடும்போது பெயர், வகுப்பு, கவிதைத் தலைப்பு, கவிஞர் எல்லாவற்றையும் நானே வாசித்துவிட்டேன். பிள்ளைகள் வந்து அதையே திரும்பச் சொன்னார்கள். ஆறாவதாக வந்த சின்னப் பெண் மட்டும் “அதை அக்கா சொல்லிட்டாங்க” என்று என்னைப் பார்த்து நின்றாள். அவள் மனப்பாடம் செய்த முதல் வாக்கியத்தை நான் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

பழைய நடுவர்
வெண்ணிலா, உங்கள் மகள்மீது குற்றம் இல்லை. பாட்டின் கடைசி வரியை முன்னுரையிலேயே கொடுத்துவிட்டீர்கள்.

இந்தப் பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின் எந்தையும் உடையேம்’ என்று தொடங்கும்போது தந்தை இருக்கிறார். ‘எம் குன்றும் பிறர் கொளார்’, மலையும் இருக்கிறது. அடுத்து ‘இற்றைத் திங்கள்’. முதலில் குன்று போகிறது. தந்தை போனது கடைசி இரண்டு சொல்லில்தான் தெரிகிறது. அதுவரை பாட்டு அதை வாய்விட்டுச் சொல்லவே இல்லை. முன்னுரையில் “கொன்று”, “இழந்த” என்று கேட்டுவிட்டவருக்கு ‘இலமே’ புதிய செய்தி இல்லை, ஏற்கெனவே கேட்டது. ‘உருக்கமாக’ என்ற சொல்லும் வேண்டாம். உருகுவது கேட்பவர் வேலை.

தேர், முல்லை எல்லாம் பாரியைப் பற்றிய செய்தி. இந்த ஐந்து வரியைப் புரிந்துகொள்ள அவை தேவையில்லை.

வெண்ணிலா, முன்னால் உட்கார்ந்திருந்தவர் அடுத்த வரிக்காகக் காத்திருந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கும். ‘எந்தை’ என்றால் எங்கள் தந்தை என்று பாதிப் பேருக்குச் சட்டென்று பிடிபடாது. பழம்பாடலில் கதையை மறைக்கலாம், சொல்லை மறைக்கக் கூடாது. நானாக இருந்தால் இப்படிச் சொல்ல வைப்பேன்:

“பறம்பு மலைத் தலைவன் பாரியை மூவேந்தர் முற்றுகையிட்டார்கள். அப்போது ஒரு முழுநிலவு வந்து போனது. இன்று அடுத்த முழுநிலவு. பாரியின் மகள்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். தந்தையை அவர்கள் ‘எந்தை’ என்கிறார்கள். புறநானூறு, பாரி மகளிர் பாடியது.”

நிதானமாகச் சொன்னாலே இருபது நொடிக்குள் முடிந்துவிடும். பாட்டுக்கு அரை நிமிடம் போதும். பாட்டைவிட முன்னுரை நீண்டால் எது கவிதை என்ற குழப்பம் வரும், தாளம் சொன்னது மாதிரி.

முன்வரிசை, இரண்டு விஷயம். அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பிற்கால வழக்கில் வந்தவை. புறநானூற்றில் ‘பாரி மகளிர்’ என்றுதான் இருக்கிறது. ‘புறநானூற்றில் அங்கவை, சங்கவை’ என்று ஒரு பிள்ளை சொன்னால் விவரம் தெரிந்த நடுவர் அங்கேயே பிழையைக் குறிப்பார். நேரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. நான் உட்கார்ந்த சில போட்டிகளில் ‘வணக்கம்’ சொன்னதுமே கடிகாரத்தை அழுத்துவோம். கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு நிமிடம் பேசிவிட்டு, நீண்ட கவிதையின் கடைசிப் பத்தியில் மணி அடிக்கப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

முன்வரிசை
பெயர் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன் ஐயா. ஆனால் எல்லோருக்கும் பாரி கதை தெரியும் என்று நீங்களாகவே நினைத்துக்கொள்கிறீர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை கீழே உட்கார்ந்திருக்கிறது. மூவேந்தர் யார், எதற்கு முற்றுகை என்று அதற்கு எப்படித் தெரியும்? மறைத்து மறைத்துச் சொன்னால் கடைசியிலும் புரியாமலே போகும்.

பழைய நடுவர்
அது நியாயமான கேள்விதான். சின்னப் பிள்ளைகள் முன்னால் என்றால் “சேர, சோழ, பாண்டியர் மூவரும் சேர்ந்து வந்தார்கள்” என்று ஒரு வாக்கியம் கூட்டலாம். அதற்கு மேல் கூட்ட எனக்கு மனசு வராது. நீங்கள் கூட்டுவீர்கள் போலிருக்கிறது.

வெண்ணிலா
நேற்று ராத்திரி மகள் புது முன்னுரையோடு என் மாமியார் முன்னால் சொல்லிப் பார்த்தாள். அவர்களுக்கு இந்தப் பாட்டு தெரியாது. ‘எந்தையும் உடையேம்’ வந்தபோது தலையாட்டினார்கள். ‘இலமே’ என்று நிறுத்தியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் “ஒரே மாசத்துலயா?” என்றார்கள்.

மகளுக்கு மட்டும் ஒரு குறை. “தந்தையை அவர்கள் ‘எந்தை’ என்கிறார்கள்” என்ற வாக்கியம் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறதாம். அதை எடுத்துவிட்டு, முதல் ‘எந்தையும்’ வரும்போது கையை நெஞ்சில் வைத்துக் காட்டட்டுமா என்கிறாள். கை போதுமா, தெரியவில்லை. அடுத்த போட்டிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.