லப்டொப்பில் இருக்கிற புக்மார்க் போனுக்கு வரவில்லை: கூகிளில் உள்ள சிங்க் தரவை அழிக்கலாமா?

கொக்குவில் ரீச்சர்: புதுப் போன் வாங்கி ஒரு வாரம். லப்டொப்பில் பாவிக்கிற அதே ஜிமெயில்தான் போனிலும். மெயில் வந்தது, தொலைபேசி எண்கள் வந்தன. குரோமில் மட்டும் புக்மார்க், ஹிஸ்டரி, சேமித்த பாஸ்வேர்ட் ஒன்றும் இல்லை. ஓ.எல். பிள்ளைகளுக்கான பயிற்சித்தாள் பக்கங்கள் எல்லாம் லப்டொப்பில்தான் கிடக்கின்றன. என்ன செய்யலாம்?

சுன்னாகம் தம்பி: ஜிமெயில் பக்கத்தைத் திறப்பதும் குரோமுக்குள் கணக்கைப் போடுவதும் ஒன்றல்ல அக்கா. லப்டொப் குரோமின் மேல் மூலையில் உங்கள் படத்தை அழுத்தி, சிங்க் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடாவிட்டால் ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றி இரண்டிலும் புதிதாக நுழையுங்கள், சரியாகிவிடும்.

திருநெல்வேலி அண்ணை: தம்பி முதலில் சொன்னது சரி. பாஸ்வேர்டை மாற்றுவதால் பலன் இருக்காது. மூன்றும் ஒன்றாக வராமல் நிற்பதைப் பார்த்தால் எனக்கு வேறு சந்தேகம். ரீச்சர், போன் குரோமில் இதைத் திறந்து பாருங்கள்:

```
chrome://sync-internals
```

அதில் Passphrase Required என்ற வரிக்கு நேரே true என்று இருக்கிறதா?

பல்கலை விடுதிக்காரன்: எனக்கும் இதே பிரச்சினை. லினக்ஸ் லப்டொப்பில் குரோமியம் போட்டிருக்கிறேன், போனில் குரோம். ஒன்றுமே ஒத்துவரவில்லை.

திருநெல்வேலி அண்ணை: உங்களுடையது வேறு கதை. 2021 மார்ச் 15-க்குப் பிறகு குரோமியத்துக்குக் கூகிளின் சிங்க் கிடையாது. அன்றிலிருந்து அது குரோமுக்கு மட்டும்தான். லினக்ஸுக்கான குரோமையே போடுங்கள்.

கொக்குவில் ரீச்சர்: ஓம், true என்று இருக்கிறது. இப்போது நினைவு வருகிறது, கனடாவில் இருக்கிற தம்பி 2019-இல் வந்தபோது லப்டொப்பைச் சரிபண்ணித் தந்தான். ஏதோ பூட்டுப் போட்டிருக்கிறேன் என்றான்.

திருநெல்வேலி அண்ணை: அதுதான். அவர் தனி பாஸ்பிரேஸ் போட்டிருக்கிறார். ஜிமெயில் பாஸ்வேர்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. லப்டொப்பிலிருந்து போகும் புக்மார்க், பாஸ்வேர்ட் போன்றவை அந்தச் சொல்லால் பூட்டப்பட்டே கூகிளுக்குப் போகின்றன. போனுக்குச் சொல் தெரியாது, ஆகவே திறக்க முடியாமல் நிற்கிறது. கூகிளாலும் அதை மீட்டுத் தர முடியாது. தம்பிக்கு நினைவில்லாவிட்டால் chrome.google.com/sync பக்கத்தில் போய் அங்குள்ள தரவை அழித்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.

சாவகச்சேரி வாணி: அழிக்கச் சொல்லாதீர்கள் அண்ணை! பாஸ்வேர்டுகளும் அங்கேதானே இருக்கின்றன? ஒரு சொல்லைக் கேட்டு வாங்குவதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் துடைப்பதா? அந்தப் பூட்டு இருப்பதால்தான் கூகிளுக்குக்கூட அவருடைய பாஸ்வேர்டுகள் தெரியாது. நான் வேண்டுமென்றே போட்டு வைத்திருக்கிறேன்.

திருநெல்வேலி அண்ணை: முதலில் தம்பியிடம் கேட்பது நல்லது, அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் அழிவது கூகிளில் உள்ள பிரதி மட்டும். லப்டொப்பில் இருப்பது அங்கேயே இருக்கும், சிங்கைத் திரும்பப் போட்டால் அது மேலே ஏறும். பயம் நியாயமானதுதான், ஆகவே முதலில் பிரதி எடுங்கள். chrome://bookmarks பக்கத்தின் மூன்று புள்ளிகளில் Export bookmarks இருக்கிறது. பாஸ்வேர்டுக்கு chrome://password-manager/settings. பாஸ்வேர்ட் கோப்பு யாரும் திறந்து வாசிக்கக்கூடிய வெறும் எழுத்து. வேலை முடிந்ததும் குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்குங்கள். கடையில் கொடுத்துச் செய்விக்க வேண்டாம்.

இன்னொன்று வாணி. பாஸ்பிரேஸ் போட்டால் ஹிஸ்டரி முழுதாகச் சாதனங்களுக்கிடையே போகாது, முகவரிப் பட்டியில் நீங்களே தட்டிய முகவரிகள் மட்டும்தான் போகும். ரீச்சருக்கு ஹிஸ்டரியும் வேண்டுமே.

சாவகச்சேரி வாணி: எனக்கு அது பெரிய இழப்பில்லை. பள்ளிக்கூட வேலைக்குப் போன வாரம் பார்த்த பக்கத்தை விட, வங்கிப் பாஸ்வேர்ட் எனக்கு முக்கியம்.

கொக்குவில் ரீச்சர்: தம்பியோடு கதைத்தேன். மூன்று சொல் சொன்னான், மூன்றும் பிழை. பிரதி இரண்டையும் எடுத்துவிட்டு அழித்தேன். லப்டொப்பில் சிங்கைத் திரும்பப் போட்டதும் சற்று நேரத்தில் போனில் புக்மார்க்குகள் வந்துவிட்டன. மொபைல் புக்மார்க் என்ற கோப்புறைக்குள் முதலில் தேடி ஏமாந்தேன், அவை புக்மார்க் பட்டிக்குள் இருந்தன. பாஸ்வேர்டுகளும் சரி. ஹிஸ்டரி மட்டும் இன்று பார்த்ததுதான் வருகிறது, பழையது வரவில்லை.

சுன்னாகம் தம்பி: இரண்டு நாள் பொறுங்கள் அக்கா, வரும்.

திருநெல்வேலி அண்ணை: எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழையது லப்டொப்பிலேயே இருக்கும், இனிப் பார்ப்பவைதான் இரண்டிலும் தெரியும். வேண்டிய பக்கங்களை இப்போதே புக்மார்க்கில் போட்டுவிடுங்கள். குரோம் தன் ஹிஸ்டரியை நிரந்தரமாக வைத்திருப்பதில்லை.

சாவகச்சேரி வாணி: ரீச்சர், புதிதாகப் பூட்டுப் போட்டீர்களா?

கொக்குவில் ரீச்சர்: இன்னும் இல்லை. போட்டால் ஹிஸ்டரி போய்விடுமே. வங்கிப் பாஸ்வேர்டை மட்டும் குரோமிலிருந்து எடுத்துவிட்டேன்.