வாடகை பாக்கியைத் தவணையில் கட்ட எழுத்தில் சம்மதம் வாங்குவது எப்படி?

மதுரையில் மாதம் 9,000 ரூபாய் வாடகையில் இருக்கிறேன். வேலை போனதால் ஏப்ரல் முதல் ஜூன் வரை 27,000 பாக்கி. இப்போது வேலை கிடைத்துவிட்டது. ஜூலை முதல் டிசம்பர் வரை வாடகையோடு 4,500 சேர்த்து 13,500 தருகிறேன் என்றேன். வீட்டு ஓனர் அண்ணன் "சரி, பார்த்துக்கலாம்" என்றார். அந்தப் "பார்த்துக்கலாம்"தான் உதைக்கிறது. நாளை அட்வான்ஸில் கழித்துக்கொண்டு காலி செய்யச் சொன்னால்?

வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்ப நினைக்கிறேன்: "அண்ணே, 13,500இல் 9,000 அந்த மாத வாடகை, 4,500 பழைய பாக்கி. தவணை தவறாதவரை அட்வான்ஸைத் தொட வேண்டாம். சம்மதம் என்று பதில் போடுங்கள்."

பணம் அனுப்பும்போதும் இதே பிரிவைக் குறிப்பில் எழுதுவேன். இந்தப் பதிலே போதுமா, தாளில் கையெழுத்தும் வாங்கணுமா? அவர் மனம் கோணாமல் எப்படிக் கேட்பது?