இரண்டு இணைவுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி: பூஞ்சை வகைப்பாட்டைப் பற்றி ஒரு விவாதம்

வேர்நுனி: இளங்கலைத் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கைட்ரிட், சைகோமைசீட்ஸ், ஆஸ்கோமைசீட்ஸ், பசிடியோமைசீட்ஸ் ஆகிய நான்கின் வாழ்க்கைச் சுழற்சிப் படங்களும் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. உண்மையில் எதை வைத்து இவற்றைப் பிரித்தறிவது?

கரும்பலகை: பாலின ஸ்போர் எங்கே உண்டாகிறது என்பதை மட்டும் பாருங்கள், போதும். பைக்குள் எட்டு இருந்தால் ஆஸ்கோ, தடித்த முனையின் வெளிப்புறத்தில் நான்கு நின்றால் பசிடியோ, தடித்த கறுப்புச் சுவர் இருந்தால் சைகோ, வால் வைத்து நீந்தினால் கைட்ரிட். முப்பது ஆண்டுகளாக இப்படித்தான் கற்பித்து வருகிறேன். (ஒரு குறிப்பேட்டில் பசிடியோமைசீட்ஸைக் "கழகப் பூஞ்சை" என்று மொழிபெயர்த்திருந்தார்கள். club என்ற ஆங்கிலச் சொல் இங்கே குறிப்பது கதாயுதத்தை, சங்கத்தை அன்று.)

ஹைஃபாக்காரர்: ஐயா, அடையாளம் காண அது உதவும். ஆனால் எண்ணிக்கையை நம்பினால் ஏமாற்றம்தான். ரொட்டி ஈஸ்ட் ஆஸ்கோமைசீட்ஸைச் சேர்ந்தது, அதன் ஸ்போர்ப் பையாகிய ஆஸ்கஸில் இருப்பவை நான்கு ஸ்போர்கள். கடைகளில் விற்கும் மொட்டுக் காளானில், பசிடியம் எனப்படும் அந்தத் தடித்த முனையில் பெரும்பாலும் இரண்டு ஸ்போர்களே இருக்கும். வேர்நுனி கேட்பது வாழ்க்கைச் சுழற்சியை. அங்கே பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இரு செல்களின் சைட்டோபிளாசம் கலந்த பிறகு, அவற்றின் உட்கருக்கள் இணைவதற்கு எவ்வளவு காலம் ஆகிறது, அந்தக் காலத்தைப் பூஞ்சை எந்த உடலில் கழிக்கிறது என்பதே அது.

ஆஸ்கோமைசீட்ஸைச் சேர்ந்த நியூரோஸ்போராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஊடகத்தில் பரவும், ஹைஃபா இழைகளின் வலையாகிய அதன் மைசீலியம் ஒற்றைமடியமானது. கலப்பு நிகழ்ந்த பிறகு, கனியுடலின் உள்ளே சில சிறப்பு ஹைஃபாக்கள் மட்டுமே செல்லுக்கு இரண்டு வெவ்வேறு உட்கருக்களைச் சுமந்து வளர்கின்றன. அவற்றின் நுனி கொக்கி போல வளைகிறது. கொக்கியின் வளைவில் உள்ள, நுனிக்கு முந்தைய செல்லில் இரு உட்கருக்களும் இணைகின்றன. அச்செல்லே ஆஸ்கஸாக நீள, குன்றல் பகுப்பு உடனே நடந்து நான்கு உட்கருக்களும், அதன் பின் ஒரு மைட்டாசிஸ் நடந்து எட்டும் கிடைக்கின்றன. ஆக இரட்டை உட்கரு நிலை இங்கே ஒரு சிறிய அறைக்குள் முடிந்துவிடுகிறது. கனியுடலின் சுவர்கூட ஒற்றைமடிய ஹைஃபாக்களால் ஆனது.

பசிடியோமைசீட்ஸில் இது தலைகீழ். ஒற்றை உட்கரு மைசீலியங்கள் இரண்டு சந்தித்துக் கலந்ததும், இரட்டை உட்கரு மைசீலியம் தனித்து உணவு தேடி, மரத்திலும் மண்ணிலும் ஆண்டுக்கணக்கில் வாழக்கூடும். நாம் உண்ணும் காளான் முழுவதும் அந்த மைசீலியமே. உட்கருக்கள் இணைவது செதில்களின் பரப்பிலுள்ள பசிடியங்களில் மட்டும்தான். இணைந்த கையோடு குன்றல் பகுப்பும் நடந்துவிடும்.

காளான்கொட்டகை: நான் சிப்பிக் காளான் வளர்ப்பவன். சோள விதையில் வித்து தயாரிக்கும்போது மைசீலியத்தைச் சற்றே எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது வழக்கம். ஒவ்வொரு குறுக்குச் சுவரின் பக்கத்திலும் ஒரு சிறிய கைப்பிடி போன்ற வளைவு தெரியும். அதைக் கிளாம்ப் என்பார்கள், அது தெரிந்தால் வித்து சரி என்று வைத்துக்கொள்வேன். ஆனால் வைக்கோல் காளானில் எத்தனை முறை பார்த்தாலும் அது இல்லை. வித்து கெட்டுவிட்டதோ என்று ஒரு தொகுதியையே வீசிவிட்டேன். இந்த வகைப்பாட்டின்படி எந்த வித்தை வாங்கினால் விளைச்சல் கூடும்?

ஹைஃபாக்காரர்: விளைச்சல் வேறு கேள்வி, அண்ணே, ஆனால் நீங்கள் வீசியது நல்ல வித்தாகவே இருந்திருக்கலாம். வைக்கோல் காளானாகிய வால்வேரியெல்லா வால்வேசியாவில் கிளாம்ப் அமைவதில்லை. சிப்பிக் காளானில் ஒவ்வொரு செல் பகுப்பின்போதும் இரு வகை உட்கருக்களில் ஒவ்வொன்றும் புதிய செல்லுக்குச் சேர வேண்டும். ஓர் உட்கரு பக்கவாட்டுக் கொக்கி வழியே சுற்றிச் செல்வதன் தடம்தான் அந்தக் கைப்பிடி. கிளாம்ப் இருந்தால் பசிடியோ என்று உறுதியாகச் சொல்லலாம். இல்லாவிட்டால் எதையும் சொல்ல முடியாது. செதிலில் பசிடியம் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

கரும்பலகை: அப்படியானால் கடைசியில் நான் சொன்ன பசிடியத்துக்கே வந்துவிட்டீர்கள்! மேலும் உங்கள் "இடைவெளி" கைட்ரிட்டுக்குப் பயன்படாது. தவளைகளைக் கொல்லும் பட்ரகோகைட்ரியத்தை 1999இல் பெயரிட்டு விவரித்தார்கள். அதன் பாலின நிலையை யாரும் கண்டதில்லை. இணைவே தெரியாதபோது இடைவெளியை எங்கே அளப்பது? பின்புறத்தில் ஒற்றைக் கசையிழையுள்ள இயங்கு ஸ்போர்தான் அதை அடையாளம் காட்டுகிறது.

ஹைஃபாக்காரர்: அதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு கசையிழைகள் இருந்தால் அது பித்தியம் போன்ற ஊமைசீட், பூஞ்சையே அன்று என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கைட்ரிட்டுக்குப் பாடநூல்கள் வரையும் சுழற்சி பெரும்பாலும் அல்லோமைசிஸுடையது. ஒற்றைமடிய உடல், இரட்டைமடிய உடல் இரண்டும் தனித்தனியே வளர்ந்து மாறி மாறி வருவது அதன் சிறப்பு. அந்த அல்லோமைசிஸை 2006இலேயே கைட்ரிட்களிலிருந்து பிரித்துப் பிளாஸ்டோகிளாடியோமைக்கோட்டா என்ற தனித் தொகுதியில் வைத்துவிட்டார்கள். கைட்ரிட்கள் அனைத்துக்கும் தலைமுறை மாற்றம் உண்டு என்று எழுதினால் தவறு.

வேர்நுனி: நன்றி, ஐயா. ஒரு சந்தேகம். ஈரமான ரொட்டித் துண்டை மூடி வைத்தேன். மூன்றாம் நாள் வெள்ளை இழைகளின் மேல் கறுப்புப் புள்ளிகள் வந்தன. அவைதான் சைகோஸ்போர்களா?

கரும்பலகை: இல்லை, தம்பி. இதில் எல்லாரும் தவறுவார்கள். நிமிர்ந்த காம்பின் நுனியில் குண்டூசித் தலை போல இருப்பவை ஸ்போராஞ்சியங்கள். அவற்றின் ஸ்போர்கள் பாலிலி வகை. ரொட்டிப் பூஞ்சையாகிய ரைசோபஸ் ஸ்டோலோனிஃபரின் ஒரே இணைவு வகை வளர்ந்திருந்தால் சைகோஸ்போர் வரவே வராது என்பதற்கு விளக்கம் தந்தவர் பிளேக்ஸ்லீ, 1904இல். பிளஸ், மைனஸ் என இரு இணைவு வகைகள் சந்திக்க வேண்டும். உருளைக்கிழங்கு அகார் தட்டின் இரு ஓரங்களில் அவற்றை எதிரெதிரே வைத்தால், சில நாட்களில் நடுவில் சந்திக்கும் இடத்தில் ஒரு கறுப்புக் கோடு விழும். அதைச் சுரண்டிப் பார்த்தால், இருபுறமும் காம்புகள் தாங்கிய, கரடுமுரடான கறுப்பு உருண்டைகள் தெரியும்.

ஹைஃபாக்காரர்: அந்த உருண்டைக்குள்தான் இரு பக்கத்துப் பல உட்கருக்களும் காத்திருந்து இணைகின்றன. அவை ஹைஃபாவாக வளர்வதில்லை, உறங்குகின்றன. முளைக்கும் தறுவாயில் குன்றல் பகுப்பு நடக்கிறது. ஒரே காத்திருப்பை ஒரு கூட்டம் கடினச் சுவருக்குள்ளும், இன்னொன்று கனியுடலுக்குள் ஒரு துளி இடத்திலும், மற்றொன்று முழு உடலாகவும் கழிக்கின்றன. நான் சொல்ல வந்தது இதைத்தான். மேலும் சைகோமைசீட்ஸ் என்ற பெயரே இன்று ஒரு குலத்தைக் குறிப்பதில்லை. 2016இல் ஸ்பாட்டஃபோரா குழுவினர் அதை மியூக்கோரோமைக்கோட்டா, ஸூபாகோமைக்கோட்டா என்று இரண்டாகப் பிரித்தார்கள். ரொட்டிப் பூஞ்சை முதலாவதில் வரும்.

கரும்பலகை: தேர்வுத் தாளில் நான்கு வகுப்புகள்தான் கேட்கப்படும். டிஎன்ஏ வரிசை பார்த்து மாணவன் எதையும் அடையாளம் காணப்போவதில்லை. சைகோஸ்போர் என்ற உருவத்தை இரண்டு தொகுதிகளும் பகிர்ந்துகொள்கின்றன என்றால், அந்த உருவத்தைக் கற்பிப்பதில் என்ன பிழை?

ஹைஃபாக்காரர்: கற்பிப்பதில் பிழையில்லை. அந்த உருவத்தை வைத்து உறவு சொல்வதில்தான் பிழை. பாடத்திட்டத்தின் பெயரை எழுதி, அது பிரிக்கப்பட்டதை ஒரே வரியில் குறிப்பிடலாம். திருத்துபவர் ஏற்பாரா என்பதை என்னால் சொல்ல முடியாது.

காளான்கொட்டகை: என்னிடம் இன்னும் இரண்டு பொட்டலம் வைக்கோல் காளான் வித்து இருக்கிறது. இந்த முறை வீசப்போவதில்லை.