கலைச்சொல் உதவி: எம்.டி.பி.எஃப்., அவைலபிலிட்டி (வெள்ளிக்கிழமைக்குள்)

வான்மதி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் தொழில்நுட்பர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். அது வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொற்களில் நின்றுவிட்டேன்.

ஒருமுறை நின்ற கருவி மறுமுறை நிற்கும்வரை சராசரியாக ஓடும் நேரத்தை ஆங்கிலத்தில் mean time between failures என்கிறார்கள். அதன் சுருக்கமான எம்.டி.பி.எஃப். என்பதற்கு முதல் வரைவில் "சராசரிப் பழுது நேரம்" என்று எழுதியிருந்தேன். வரைவைப் படித்த மாணவர்களில் சிலர் அதைப் பழுதுபார்க்க ஆகும் நேரம் என்று எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்களோ, நோயாளிக்கு மருந்தைச் சீராகச் செலுத்தும் இன்ஃபியூஷன் பம்ப்புக்கு அது 5,000 மணி என்றால் ஒவ்வொரு பம்ப்பும் 5,000 மணி நேரம் தாங்கும், ஆகவே 4,500 மணியில் சர்வீஸ் செய்துவிட்டால் பழுதே வராது என்று அட்டவணை போட்டுவிட்டார்கள். இரண்டும் தவறு என்று பயிற்றுநர் சொல்கிறார். மொத்த நேரத்தில் கருவி இயங்கும் நிலையில் இருந்த பங்கைச் சொல்லும் அவைலபிலிட்டிக்கு "கிடைப்பு" என்று எழுதினேன், "சந்தையில் கிடைப்பதா, அம்மா?" என்று ஒரு மாணவி கேட்டார். இரு சொற்களும் கையேட்டில் அறுபது இடங்களுக்கு மேல் வருகின்றன. நல்ல சொற்கள் வேண்டும்.

இளங்கோ எழுதியது:

அன்புள்ள வான்மதி அவர்களுக்கு, "பழுது" நல்ல சொல். "பழுதெண்ணும் மந்திரியின்" என்ற குறளிலேயே இருக்கிறது. அதைக் கைவிட வேண்டாம். இடர்ப்பாடு "சராசரி"யில்தான். அது பாரசீக வழிவந்த சொல். மேடுபள்ளத்தை ஒன்றாக்குவதை நாம் "நிரவுதல்" என்கிறோம்; பல எண்களைக் கூட்டிச் சமமாகப் பங்கிடுவதும் அதே வினைதான். ஆகவே "நிரவல்" எனலாம். இரண்டு பழுதுகளுக்கு இடைப்பட்ட நேரம் என்பதைப் "பழுதிடை நேரம்" என்று சுருக்கினால், குற்றியலுகரம் கெட்டுச் சொல் இயல்பாகப் புணர்கிறது. என் பரிந்துரை: பழுதிடை நிரவல் நேரம்.

அவைலபிலிட்டிக்கு "அணியம்" பொருந்தும். அணியமாதல் என்றால் ஆயத்தமாதல். படகின் முன்பகுதியையும் அணியம் என்பர். முன்னே நின்று முதலில் அலையை எதிர்கொள்வதால்தான் ஆயத்தப் பொருள் வந்ததா, அல்லது அணி என்ற வேரிலிருந்து இரண்டும் தனித்தனியே கிளைத்தனவா என்பது தனியே ஆராயத்தக்கது. அணி, அணிகலன், அணிவகுப்பு, அண்மைப் பொருளில் வரும் அணித்து ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

பீட்டர் எழுதியது:

இவ்வளவு சுற்ற வேண்டுமா? நான் கணினிச் சேமிப்பகங்களுடன் வேலை செய்கிறேன். எங்கள் வன்தட்டு விவரத்தாள்களிலும் இந்த எண் உண்டு. ஒரு கருவி சராசரியாக எவ்வளவு காலம் உழைக்கும் என்பதுதானே பொருள்? "சராசரி ஆயுள்" என்றால் எல்லோருக்கும் புரியும்.

கதிரவன் எழுதியது:

பீட்டர், "ஆயுள்" என்ற சொல்தான் மாணவர்களைத் தவறான அட்டவணைக்குக் கொண்டுபோகும். உங்கள் வன்தட்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். விவரத்தாளில் பத்து லட்சம் மணி என்று போட்டிருக்கும். அது நூறு ஆண்டுக்கு மேல். எந்த வன்தட்டும் நூறு ஆண்டு சுழலப்போவதில்லை. பல கருவிகள் சேர்ந்து ஓடிய மொத்த நேரத்தைச் செயலிழப்புகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அந்த எண். ஒரு கருவியின் வயதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

நான் மருத்துவக் கருவிப் பராமரிப்பில் இருப்பவன். வான்மதியின் 5,000 மணியையே ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 40 பம்ப்புகள், ஓராண்டில் அவற்றின் மணிக்காட்டிகளில் ஏறிய மொத்த ஓட்டம் 1,00,000 மணி, செயலிழப்பு 20 முறை. வகுத்தால் 5,000. செயலிழப்புகள் வயதைப் பாராமல் எப்போது வேண்டுமானாலும் வருபவை என்று வைத்துக்கொண்டால், ஒரு பம்ப் ஒருமுறைகூட நிற்காமல் 5,000 மணியைக் கடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 37தான். 4,500 மணியைக் கடப்பதே நூற்றுக்கு 41. அதாவது மாணவர்கள் குறித்த சர்வீஸ் நாள் வருவதற்குள் பாதிக்கு மேற்பட்ட பம்ப்புகள் ஒருமுறையாவது நின்றிருக்கும். அப்படி எதேச்சையாக வரும் செயலிழப்புக்கு, 4,500 மணியில் பாகத்தை மாற்றுவதாலும் பயனில்லை. புதிய பாகமும் அதே வாய்ப்புடன்தான் ஓடத் தொடங்கும்.

ஆனால் அந்த 20 பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். அவற்றில் 9 பழைய பேட்டரியால் வந்தவை என்று கொள்வோம். பேட்டரி தேய்கிற பொருள். அதற்கு வயது உண்டு. அதைக் காலம் பார்த்து முன்கூட்டியே மாற்றினால் பலன் கிடைக்கும். அந்த 9 நீங்கினால் மிஞ்சுவது 11. எண் சுமார் 9,100 மணிக்கு உயரும். பராமரிப்புத் திட்டம் இந்தப் பிரிப்பிலிருந்து பிறக்கிறது, சராசரியிலிருந்து அன்று.

இனி ஐயா இளங்கோவுக்கு ஓர் இலக்கண ஐயம். "இடை" ஏழாம் வேற்றுமையின் இடப்பொருளிலும் வருமே. நன்னூல் அதை உருபுகளின் வரிசையிலேயே சொல்கிறது. அப்படியானால் "பழுதிடை நேரம்" என்பதைப் பழுதில் கிடக்கும் நேரம் என்றும் ஒருவர் விரிக்கலாம் அல்லவா? நாம் சொல்ல வந்ததற்கு அது நேர் எதிர்.

இளங்கோ எழுதியது:

கதிரவன் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் "ஊரிடைவெளி" என்றால் ஊருக்குள் இருக்கும் வெளி என்று யாரும் கொள்வதில்லை. வழக்கும் சூழலும் பொருளை வரையறுக்கும். மயக்கம் தரும் என்பதற்காக எல்லாத் தொகைகளையும் விரித்தே எழுதுவதென்றால் கலைச்சொல்லே அமையாது. இருப்பினும், பொருள் தலைகீழாகும் மயக்கம் மற்ற மயக்கங்களைப் போன்றதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். "பழுதிடைவெளி" என்றால் அந்த ஐயம் எழாது. நிரவலை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

மரியா எழுதியது:

நான் செவிலியர். சொல்லாக்கம் எனக்குத் தெரியாது, ஆனால் பம்ப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எங்கள் பிரிவில் பம்ப் பழுதானால் மேலே மஞ்சள் அட்டை ஒட்டிக் கொடுத்தனுப்புவோம். ஒருமுறை நோயாளியைத் தீவிரப் பிரிவுக்கு மாற்றும்போது, மின்கம்பியைக் கழற்றிய சில நிமிடத்தில் பம்ப் நின்றுவிட்டது. சுவரில் செருகியிருந்தவரை நன்றாகவே ஓடியது. வேறு பம்ப் கொண்டுவரும்வரை மருந்தைக் கையால் செலுத்தினோம். அந்தப் பம்ப் ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தது. அதன் பதிவேட்டில் "பழுதுநீக்க நேரம்: 2 மணி" என்று எழுதியிருந்தது. இந்த இரண்டு மணி எங்கிருந்து வந்தது என்பதைத்தான் உங்கள் கையேடு முதலில் விளக்க வேண்டும். எங்களுக்கு அது ஒன்பது நாள்.

கதிரவன் எழுதியது:

அம்மா, கேள்விக்கு வெளியே எழுதுவதாக நினைத்து நீங்கள் எழுதியதில்தான் இரண்டு சொற்களின் சிக்கலும் இருக்கிறது.

முதலாவது, பேட்டரி தளர்ந்தது பழுது. கம்பியைக் கழற்றியதும் பம்ப் நின்றது செயலிழப்பு. பழுது பல வாரங்களாக உள்ளே கிடந்திருக்கும், யாருக்கும் தெரிந்திராது. செயலிழப்பு ஒரு கணத்தில் நடந்தது. எண்ணப்படுவது அந்தக் கணம்தான். ஆகவே கணக்கின் பெயரில் "செயலிழப்பு" வருவதே சரி என்று நான் நினைக்கிறேன், குறளில் பழுது இருந்தாலும்.

இரண்டாவது, தொழில்நுட்பர் கையில் கருவியுடன் வேலை செய்தது இரண்டு மணி. மீதி, அட்டை ஒட்டியதிலிருந்து எடுத்துப்போகும்வரை, புதிய பேட்டரி வரும்வரை, சோதித்துத் திரும்ப ஒப்படைக்கும்வரை. முதலாவதைப் "பழுதுநீக்க நேரம்" என்றும், முழுவதையும் "முடங்கிய நேரம்" என்றும் கையேடு பிரித்தே தீர வேண்டும். என் 40 பம்ப்புகளில், ஒரு செயலிழப்புக்குச் சராசரியாக ஐந்து நாள், அதாவது 120 மணி முடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 முறைக்கு 2,400 மணி. ஆண்டின் மொத்த நேரம் 40 × 8,760 = 3,50,400 மணி. ஆகவே ஆயத்தமாக இருந்தது 99.3 விழுக்காடு. பழுதுநீக்கிய இரண்டு மணியை மட்டும் எண்ணினால் 99.99 என்று வரும். அந்த எண்ணைப் பார்க்கும் நிர்வாகம் எதையும் திருத்தாது. உண்மையில் குறைக்க வேண்டியது பாகத்துக்காகக் காத்திருக்கும் நாள்களை. அலமாரியில் நான்கு பேட்டரிகளை முன்பே வாங்கி வைத்தால் தீரும் காத்திருப்பு அதில் பாதி இருக்கக்கூடும்.

வான்மதிக்கு ஓர் எச்சரிக்கை. பாடநூல் சூத்திரத்தை அப்படியே போட்டால் 5,000 / (5,000 + 120), அதாவது 97.7 விழுக்காடு வரும். மேலே வந்த 99.3 உடன் இது ஒட்டாது. காரணம், 5,000 என்பது மணிக்காட்டியில் ஓடிய நேரம். 120 என்பது சுவர்க் கடிகாரத்தின் நேரம். பம்ப் நாள் முழுவதும் ஓடுவதில்லை. இரண்டையும் ஒரே கடிகாரத்தில் அளக்காமல் கூட்டக் கூடாது. ஆகவே சொல்லில் "காலம்" என்று பொதுவாக விடாமல் "ஓடும் நேரம்" என்று வெளிப்படையாக வந்தால் நல்லது. "செயலிழக்காமல் ஓடும் சராசரி நேரம்" என்பது என் பரிந்துரை.

பீட்டர் எழுதியது:

ஆயுள் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் கதிரவனின் சொல் நான்கு சொல் நீளம். அட்டவணையின் தலைப்புக் கட்டத்தில் அது அடங்காது. எங்கள் துறையில் எம்.டி.பி.எஃப். என்றே தமிழில் எழுதிவிடுகிறோம். கருவியின் திரையிலும் சர்வீஸ் அறிக்கையிலும் MTBF என்றுதானே மாணவர் பார்க்கப்போகிறார்?

இளங்கோ எழுதியது:

திரையில் இருப்பதையே எழுதுவதென்றால் வான்மதி மொழிபெயர்க்கவே வேண்டியதில்லை. நீளம் குறைய வேண்டுமானால் "இழப்பிடைவெளி" என்று செய்யலாம். செயலிழப்பு என்பதில் சுமை முழுவதையும் தாங்குவது இழப்புத்தான்.

மரியா எழுதியது:

ஐயா, மருத்துவமனையில் "இழப்பு" என்று எழுதினால் நாங்கள் வேறு பொருளில்தான் படிப்போம். அதை மட்டும் வேண்டாம். இன்னொரு கேள்வி: பம்ப் நல்ல நிலையில் இருக்கிறது, ஆனால் வேறு பிரிவுக்குப் போய்விட்டதால் இரவு இரண்டு மணிக்குத் தேடிக் கிடைக்கவில்லை. உங்கள் 99.3 இல் அது எந்தப் பக்கம்?

கதிரவன் எழுதியது:

ஆயத்தமாக இருந்த பக்கம்தான், அம்மா. கருவி இயங்கும் நிலையில் இருந்ததா என்பதை மட்டுமே இந்த எண் பார்க்கிறது. கைக்கு எட்டியதா என்பதை அது பார்ப்பதில்லை. அதனாலேயே "கிடைப்பு" கூடாது என்கிறேன். கிடைக்காத பம்ப்பையும் கிடைத்ததாக எண்ணும் ஒரு வீதத்துக்கு அந்தப் பெயர் தகாது.

வான்மதி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நாளை காலை கோப்பைக் கொடுக்க வேண்டியிருப்பதால் இப்போதைக்கு இப்படி வைக்கிறேன். பாடத்தில் "செயலிழக்காமல் ஓடும் சராசரி நேரம்". அட்டவணைத் தலைப்பில் "செயலிழப்பு இடைவெளி". முதல் இடத்தில் மட்டும், திரையில் காண்பது MTBF என்ற குறிப்பு. அவைலபிலிட்டிக்கு "இயங்கு ஆயத்த வீதம்". பழுதுநீக்க நேரமும் முடங்கிய நேரமும் தனித்தனி. கதிரவனின் 40 பம்ப் கணக்கை, அவர் இசைந்தால், பயிற்சியாகச் சேர்த்துக்கொள்கிறேன். மரியா அம்மாவின் இரவு இரண்டு மணிப் பம்ப்புக்கு இன்னும் சொல் இல்லை. அந்த இடத்தை ஒரு முழு வாக்கியமாக எழுதிவிட்டேன்.

இளங்கோ எழுதியது:

"ஆயத்தம்" வடசொல் என்பதையும், அணியம் கையில் இருக்கும்போதே அது தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதையும் பதிவு செய்கிறேன். "சராசரி" குறித்த என் மறுப்பும் நிற்கிறது. "முடங்கிய நேரம்" மிக நல்ல சொல். அதை யாரும் மாற்ற வேண்டாம். அணியம் பற்றிய கட்டுரையை நாளை அனுப்புகிறேன்.