பொருள்: 'ஆக்சிடேட்டிவ் ஃபெர்மென்டேஷன்' – தமிழில் என்ன?

தண்டையார்பேட்டை ஆசிரியை:
குழுவினருக்கு வணக்கம். பிளஸ் ஒன் பயிற்சித்தாள் திங்களன்று அச்சுக்குப் போகிறது. அசிட்டோபாக்டர் மதுவை வினிகராக்குவதை 'நொதித்தல்' என்று எழுதினால், காற்றில்லாமல் நடப்பது என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். வேறு சொல் உண்டா?

ராயபுரம் புலவர்:
காடி இருக்கக் கவலை ஏன்? பெரும்பாணாற்றுப்படையிலேயே உமணர் வண்டியில் 'காடி வைத்த கலன்' தொங்குகிறதே! கடு, கடி, காடி என்று வேரும் தெளிவு. காற்றிலுள்ள உயிர்வளி மதுவோடு ஒட்டிக்கொள்வதால் புளிக்கிறது. ஆகவே 'காடியாக்கம்'.

மாதவரம் நுண்ணுயிரியலார்:
ஐயா, காற்று வேண்டும் என்பது சரி. ஆனால் அது மதுவில் ஒட்டுவதில்லை. பாக்டீரியாவின் சவ்விலுள்ள நொதி எத்தனாலிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்க, அசிட்டால்டிஹைடு வரும். அது தண்ணீரைச் சேர்த்துக்கொண்டபின் இன்னொரு நொதி மறுபடி பறிக்கும். அசிட்டிக் அமிலம் கிடைக்கும். அமிலத்தில் கூடும் ஆக்சிஜன் அணு தண்ணீர் தந்தது. பறித்த எலக்ட்ரான்கள் சவ்வு வழியே ஓடிப்போய் இறங்க ஓர் இடம் வேண்டுமே, அதுதான் காற்றின் ஆக்சிஜன். வாங்கிக்கொண்டு அது தண்ணீராகிவிடும். அது வராவிட்டால் ஓட்டமே நின்றுபோகும்.

லிட்டருக்கு 50 கிராம் எத்தனால் இருந்தால், முழுதும் புளிக்க ஏறக்குறைய 35 கிராம் ஆக்சிஜன் வேண்டும். நம்மூர் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பது 7, 8 மில்லிகிராம்தான். அதனால் காற்று வந்துகொண்டே இருக்க வேண்டும். ஆலைத் தொட்டியில் காற்றடிப்பு சற்று நேரம் நின்றாலே செல்கள் சாகத் தொடங்கும்.

இன்னொன்று: காடிக்கஞ்சியின் புளிப்பு பெரும்பாலும் லாக்டிக் அமிலம். அதற்குக் காற்றே தேவையில்லை.

பெரம்பூர் வாசகி:
எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் ஒயினில், கழுத்துவரை நிரப்பி மூடிய பாட்டில்கள் நன்றாகவே இருந்தன. பாதி எடுத்துவிட்டு வைத்த ஜாடியில் மட்டும் ஏடு கட்டிப் புளித்துவிட்டது. சர்க்கரை கூட்டினால் தடுக்கலாமா?

மாதவரம்:
அம்மா, ஜாடியின் காலியிடத்துக் காற்றுதான் காரணம். சர்க்கரையை நம்பாதீர்கள், மிஞ்சியதைச் சின்ன பாட்டிலில் நிரம்ப ஊற்றி மூடுங்கள். வினிகராகவே எடுக்க நினைத்தால், மது தீர்ந்தபின் திறந்து போடாதீர்கள். அசிட்டோபாக்டர் அந்த அமிலத்தையே கரியமில வாயுவாக்கித் தீர்த்துவிடும். புளிப்பு குறைவதே அடையாளம்.

திருவொற்றியூர் அன்பர்:
யாழ்ப்பாணத்தில் நாங்கள் 'ஒட்சியேற்றம்' என்றே படித்தோம். 'ஒட்சியேற்ற நொதித்தல்' ஆகாதா?

புலவர்:
'ஒட்சி' தமிழா? 'உயிர்வளியேற்றம்' என்க.

மாதவரம்:
இங்கே காற்றின் ஆக்சிஜன் ஏறவில்லை, ஹைட்ரஜன்தான் இறங்குகிறது. ஆனாலும் பாடநூலில் 'ஆக்சிஜனேற்றம்' பழகிவிட்டது. 'காடியாக்கம்' வினிகருக்குச் சரி. குளுக்கோனோபாக்டர் சார்பிட்டாலை சார்போஸாக்குவதும் இதே வகைதான், அதைக் காடி என்போமா?

ஆசிரியை:
'ஆக்சிஜனேற்ற நொதித்தல்' என்று அச்சுக்கு அனுப்புகிறேன். வினிகர் பத்தியில் மட்டும் 'காடியாக்கம்' இருக்கும்.

புலவர்:
அனுப்புங்கள். 'நொதித்தல்' இருக்கும்வரை பிள்ளைகள் காற்றை மறப்பார்கள் என்பதே என் கருத்து. அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி எழுதுவேன்.