பொழிப்பா, தொகுத்துரையா? வேப்பெண்ணெய் வழக்கும் ஒரு பக்கமும்

செல்வி

அனைவருக்கும் வணக்கம். வேளாண் கல்லூரி மாணவர்களுக்கான காப்புரிமைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் மாணவர் ஒரு காப்புரிமை ஆவணத்தை ஒரே பக்கத்தில் அடக்கி எழுத வேண்டும். பக்கத்தில் இரண்டு பெட்டிகள். மேலே, கண்டுபிடிப்பு என்ன செய்கிறது. கீழே, சட்டம் அதில் எதைக் காக்கிறது. இந்த ஒரு பக்கத்துக்கு என்ன பெயர்? 'சுருக்கம்' என்று போட்டேன். ஆனால் விண்ணப்பத்தோடு கொடுக்கும் 150 சொல் பத்திக்கும் கையேட்டில் 'சுருக்கம்' என்றே இருக்கிறது. முட்டுகிறது. கீழ்ப் பெட்டிக்கும் ஒரு தலைப்பு வேண்டும். மாதிரிக்கு எடுத்திருப்பது ஐரோப்பிய வேப்பெண்ணெய்க் காப்புரிமை, EP 0436257 B1.

புலவர் இராமலிங்கம்

செல்வி அம்மா, வீட்டில் இருப்பதை விட்டுவிட்டு வெளியே தேடுவானேன்? நன்னூலார் உரைக்குப் பதினான்கு உறுப்பு சொல்கிறார். அதில் 'தொகுத்துரை' என்று ஒன்று உண்டு. உரைகாரர்கள் அதற்குப் பொழிப்பு என்று பொருள் கொள்வார்கள். 'பிண்டப்பொழிப்பு' என்ற அழகான வழக்கும் இருக்கிறது. பொழிதல் என்றால் நிறைந்து வருதல், முகில் பொழிவது போல. ஆகவே பொழிப்பு என்பது வெறுமனே சுருக்குவதன்று, நிறைவாகத் தருவது. 'சுருக்கம்' வறுமைச் சொல், பொழிப்பு வளமைச் சொல். காண்டிகை, விருத்தி என்ற பாகுபாட்டையும் எண்ணிப் பார்த்தால் 'காப்புரிமைக் காண்டிகை' என்றே வைக்கலாம் போலத் தோன்றுகிறது. சூத்திரத்தின் உட்பொருளைத் தோற்றுவிப்பதுதானே காண்டிகை.

பாலா

ஐயா, மாணவன் 'பிண்டம்' என்று பார்த்ததும் திவசத்துக்குப் போய்விடுவான் :-)

காப்புரிமை முகவராக ஒன்று சொல்கிறேன். பெயரைவிட முக்கியம், அந்த இரண்டு பெட்டிகளும் ஒரே பொருளின் நீளமான, குட்டையான வடிவங்கள் அல்ல என்பது. மேல் பெட்டி ஆவணத்தின் விளக்கப்பகுதியிலிருந்து வருகிறது. கீழ்ப் பெட்டி, எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் உரிமைக்கோரல்களிலிருந்து வருகிறது. ஐரோப்பியக் காப்புரிமை ஒப்பந்தத்தின் 85ஆம் பிரிவு, அந்த 150 சொல் பத்தி போன்ற சுருக்கம் தொழில்நுட்பத் தகவலுக்கு மட்டுமே, பாதுகாப்பின் அளவைத் தீர்மானிக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. மாணவர்கள் அதைத்தான் முதலில் படித்து, அதையே கீழ்ப் பெட்டியிலும் இறக்கிவைப்பார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

வேப்பெண்ணெய் வழக்கில் விவாதத்துக்கு வந்த முதல் கோரலைத் தமிழில் சொன்னால்: செடிகளில் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறை, அதில் பூஞ்சையின் மேல் ஒரு வேப்பெண்ணெய்க் கலவையைப் படச்செய்ய வேண்டும், கலவையில் அசாடிராக்டின் ஏறத்தாழ இல்லாத, நீர் ஒட்டாத வகையில் பிரித்தெடுத்த வேப்பெண்ணெய் 0.1 முதல் 10 விழுக்காடு, பால்மமாக்கி 0.005 முதல் 5 விழுக்காடு, நீர் 0 முதல் 99 விழுக்காடு. இவ்வளவுதான். அசாடிராக்டின் வேம்பில் உள்ள பூச்சிக்கொல்லிப் பொருள், பால்மமாக்கி எண்ணெயை நீரோடு கலக்கவைக்கும் பொருள். 'வேப்பமரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள்' என்று மேடையில் பேசியவர்கள் யாரும் இதைப் படித்ததாகத் தெரியவில்லை.

முருகேசன்

சார், நடுவுல வர்றேன், மன்னிக்கணும். நான் இயற்கை வெவசாயம் பண்றவன். அஞ்சு கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடிச்சு, துணியில கட்டி ராத்திரி பூரா ஊறப்போட்டு, வடிகட்டி, காதி சோப்பு கலந்து நூறு லிட்டராக்கி அடிக்கிறேன். எங்க மேல கேஸ் வருமா? இல்ல நாங்களே இதுக்கு காப்புரிமை எடுக்கலாமா? எந்த ஆபீசுக்குப் போகணும்?

பாலா

முருகேசன் அண்ணே, காப்புரிமை கிடைக்காது. தலைமுறையா ஊரே செய்யறது புதுசு ஆகாது. கேஸும் வராது. ஆனா ஏன் வராதுன்னு பார்த்தா செல்வியோட கீழ்ப் பெட்டியே எழுதிடலாம்.

ஒருத்தர் செய்யறது ஒரு கோரலுக்குள்ள வரணும்னா அந்தக் கோரலோட ஒவ்வொரு உறுப்பும் அவர் செய்யறதுல இருக்கணும். பொதுவா ஒண்ணு விட்டாலும் வெளியே. நீங்க தண்ணியில ஊறவைக்கறீங்க. அசாடிராக்டின் தண்ணியில இறங்கும். புழு, பூச்சிக்கு அந்தக் கரைசல் வேலை செய்யறதுக்கு அதுவே முக்கியக் காரணம். கோரலோ அது ஏறத்தாழ இல்லாத எண்ணெயைச் சொல்லுது. ரெண்டாவது, நீங்க அடிக்கறது பூச்சிக்கு, கோரல் பூஞ்சைக்கு. மூணாவது, ஐரோப்பியக் காப்புரிமை அதுல குறிச்ச ஐரோப்பிய நாடுகள்லதான் செல்லும். உங்க தோட்டம் அதுல இல்ல.

இன்னொன்னு கேளுங்க. சாம்பல் நோய்க்கு செக்கு வேப்பெண்ணெயை லிட்டருக்கு 30 மில்லி போட்டு, சோப்பு கலந்து அடிக்கறவங்க உண்டு. அதே ஆள் அந்த நாடுகள்ல ஒண்ணுல, காப்புரிமை உயிரோட இருந்தப்ப அடிச்சிருந்தா? பூஞ்சை, ஆமாம். மூணு விழுக்காடு, எல்லைக்குள்ள. சோப்பு, பால்மமாக்கிதான். மிஞ்சறது ரெண்டே கேள்வி: செக்கு எண்ணெய் 'நீர் ஒட்டாத வகையில் பிரித்தெடுத்ததா'? அதுல இருக்கற கொஞ்சநஞ்ச அசாடிராக்டின் 'ஏறத்தாழ இல்லை'ங்கற கணக்குல வருமா? வழக்கு முழுக்க இந்த ரெண்டு சொல்லுல தொங்கும். சுருக்கி எழுதறவர் 'வேப்பெண்ணெய்க் கரைசல்'னு போட்டு இந்த ரெண்டையும் விழுங்கிட்டா, கீழ்ப் பெட்டி சட்டப்படி பொய்.

மதியழகன்

முப்பது வருடம் பத்திரம் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். கிரயப் பத்திரத்தில் 'முன்னோர் வழி வந்த செழிப்பான நஞ்சை' என்று எவ்வளவு எழுதினாலும், விற்கப்பட்டது சொத்து விவரத்தில் உள்ள நான்கெல்லைக்குள் பட்டது மட்டும். கோரல் என்பது அந்த நான்கெல்லை. ஆகவே கீழ்ப் பெட்டிக்கு 'நான்கெல்லை' என்றோ 'காப்பெல்லை' என்றோ வையுங்கள். எல்லை போதும், விளக்கப்பகுதி வெறும் கதை, மாணவர் அதைப் படிக்கவே வேண்டாம்.

பாலா

'காப்பெல்லை' நன்றாக இருக்கிறது ஐயா. கடைசி வரியை மட்டும் ஒப்ப மாட்டேன். பாதுகாப்பின் அளவைக் கோரல்கள் தீர்மானிக்கின்றன. ஆனால் கோரல்களுக்குப் பொருள் கொள்ள விளக்கப்பகுதியையும் வரைபடங்களையும் பயன்படுத்த வேண்டும் என்று அதே ஒப்பந்தத்தின் 69ஆம் பிரிவு சொல்கிறது. 'நீர் ஒட்டாத வகையில் பிரித்தெடுத்த' என்றால் என்னவென்று கோரலுக்குள் தேடினால் கிடைக்காது. வேப்பங்கொட்டையை உலர்த்தி, அரைத்து, ஹெக்சேன் போன்ற கரைப்பானில் எண்ணெயை இறக்கி, பிறகு கரைப்பானை நீக்கும் முறையை விளக்கப்பகுதியில் படித்தால்தான் பிடிபடும். அதே வேளை, விளக்கத்தில் இருக்கும் ஒரு செய்முறையை எல்லைக்குள் திணித்துக் கோரலைக் குறுக்கவும் கூடாது. மாணவர்கள் சறுக்குவது இந்த இரண்டுக்கும் நடுவில்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஆவண எண் `A1` என்று முடிந்தால் அது வெறும் விண்ணப்பம். `B1` என்றால்தான் வழங்கப்பட்டது. பிறர் கொடுத்த எதிர்ப்புக்குப் பிறகு திருத்தத்தோடு நின்றிருந்தால் `B2`. `A1`-இன் கோரல் பெரும்பாலும் அகலமாக இருக்கும், தேர்வாளர் கேட்டுக் கேட்டுக் குறுக்கிய பிறகுதான் `B1` வரும். `A1`-ஐப் பார்த்துக் கீழ்ப் பெட்டி எழுதினால் அது விண்ணப்பதாரரின் ஆசைப்பட்டியல்.

சிவா (ரொறன்ரோ)

எங்கட பக்கம் இதை 'ஆக்கவுரிமை' எண்டுதான் சொல்லுறது, அறிவுசார் சொத்துக்குப் 'புலமைச் சொத்து'. 'காப்பு' எண்டு வந்தால் ஊரில கையில போடுற காப்புத்தான் நினைவுக்கு வரும். 'காப்பெல்லை' எண்டால் மணிக்கட்டோ?

புலவர் இராமலிங்கம்

சிவா தம்பி, பிள்ளைத்தமிழில் முதற்பருவமே காப்புப் பருவம். திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறோம், நூலுக்குக் காப்புச் செய்யுள் பாடுகிறோம். காத்தல் என்ற வினையடி கடவுளையும் கைவளையையும் ஒருங்கே தாங்குகிறது. சொல்லில் குற்றமில்லை. குற்றம் பாலா தமிழாக்கிய கோரலில்தான். 'கலவையில்... விழுக்காடு' என்று மொட்டையாக நிறுத்திவிட்டார். வேறு பொருளும் கலக்கலாமா, கூடாதா?

பாலா

ஐயா, பொன்னான கேள்வி. மூலத்தில் இருப்பது திறந்த சொல். இன்னொரு பொருள் கலந்தாலும் எல்லைக்குள்தான். மூடிய கோரலாக இருந்தால் இந்தப் பொருள்கள் மட்டுமே, வேறொன்று சேர்ந்தால் வெளியே. தமிழில் 'கொண்ட' என்றால் இரண்டில் எதுவென்று தெரியவில்லை.

புலவர் இராமலிங்கம்

அதற்குத்தான் பிரிநிலை ஏகாரம் இருக்கிறது. மூடியதற்கு 'இவற்றையே கொண்ட'. திறந்ததற்கு எச்சவும்மை: 'இவற்றையும் கொண்ட'. ஓரெழுத்தில் வழக்கு முடிந்தது. (ஏகாரம் தேற்றத்திலும் வரும், வினாவிலும் வரும், அதை நாளை விரித்து எழுதுகிறேன்.)

செல்வி

ஐயா, நாளை வேண்டாம், வெள்ளிக்கிழமை தாண்டட்டும் :-) 'இவற்றையே', 'இவற்றையும்' இரண்டையும் அடிக்குறிப்பில் வைக்கிறேன். ஆனால் 'இவற்றையும்' என்றால் மாணவர் முன்னால் ஏதோ சொல்லியிருப்பதாகத் தேடுவார். 'குறைந்தது இவற்றைக் கொண்ட' என்று போடலாமா?

பாலா, மாதிரிப் பக்கத்தைப் பாருங்கள்.

மேல் பெட்டி: வேப்பங்கொட்டையிலிருந்து நீர் ஒட்டாத கரைப்பானில் எடுத்த எண்ணெயை நீர், பால்மமாக்கி ஆகியவற்றோடு கலந்து தெளித்தால் பயிரில் பூஞ்சை நோய் கட்டுப்படுகிறது.

கீழ்ப் பெட்டி: காத்தது, பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் அந்த முறையை, எண்ணெய் 0.1–10%, பால்மமாக்கி 0.005–5%, அசாடிராக்டின் ஏறத்தாழ இல்லாமல். முதல் கோரல் காக்காதது: மரம், கொட்டை, நீரில் ஊறிய கரைசல், பூச்சிக்கு அடிப்பது.

பாலா

நீரை விட்டது சரிதான்; 0-விலிருந்து தொடங்குவதால் நீர் இல்லாமலும் எல்லைக்குள் வரலாம். ஒன்று குறைகிறது. நிலை. 2000 மே மாதம் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் இதை ரத்து செய்தது, 2005 மார்ச் மாதம் மேல்முறையீடும் தள்ளுபடியானது. ஆகவே கீழ்ப் பெட்டியின் முதல் வரி 'இன்று எதையும் காக்கவில்லை' என்றே தொடங்க வேண்டும். நாடு, நிலை, தேதி இல்லாத காப்பெல்லை அரைகுறை.

புலவர் இராமலிங்கம்

நிலை என்பது வரலாறு. பொழிப்பில் மூலத்தில் இல்லாதது வரலாகாது. ஒப்பேன்.

முருகேசன்

ரத்தாயிடுச்சுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் தூங்கப் போயிருப்பேன் சார்.

செல்வி

முடிவாக: பக்கத்துக்குக் 'காப்புரிமைத் தொகுத்துரை', கீழ்ப் பெட்டிக்குக் 'காப்பெல்லை'. நிலையைப் பெட்டிக்கு வெளியே தனி வரியாக வைக்கிறேன். தனிமடலில் மூவர் சரி என்றார்கள், மற்றவர்கள் பதில் போடவில்லை. மேல் பெட்டிக்கு யாரும் பெயர் தரவில்லை, 'என்ன செய்கிறது' என்றே விட்டுவிடுகிறேன்.

சிவா (ரொறன்ரோ)

'தொகுத்துரை' சரி. முன்னால 'ஆக்கவுரிமை' எண்டு போட்டால் எங்கட பிள்ளையளும் படிப்பினம். அடுத்த பதிப்பிலயாவது பாருங்கோ.

புலவர் இராமலிங்கம்

'காப்பெல்லை'யைப் பிரித்து அச்சிட்டு விடாதீர்கள் அம்மா, புணர்ச்சி கெடும். 'மேற்பெட்டி'க்குச் 'செயற்பயன்'. இன்னும் நேரம் இருக்கிறதா?